‘சும்மா இரு சொல்லற’ என்ற பிறகும் 39 பாட்டு எதற்கு?

நொய்யல்கரை (இழையைத் தொடங்கியவர்)

கந்தர் அநுபூதியில் ஒரு சந்தேகம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

11ஆம் பாட்டு நம்ம திருச்செங்கோட்டு வேலவனை விளித்துப் பாடியது. அதில் வரும் நாகாசலம் செங்கோட்டு மலைதான். சொந்தபந்தம் எல்லாம் ‘கூகா’ என்று கூடி அழும்படி நான் போய்விடாமல் எனக்கு மெய்ப்பொருளைப் ‘பேசியவா’ என்று அருணகிரிநாதர் உருகுகிறார். அதற்கு அடுத்த பாட்டு இது:

செம்மான் மகளைத் திருடும் திருடன்
பெம்மான் முருகன் பிறவான் இறவான்
சும்மா இருசொல் லறஎன் றலுமே
அம்மா பொருளொன் றுமறிந் திலனே

முந்தின பாட்டில் பேசினவன் இந்தப் பாட்டில் பேச்சே வேண்டாம் என்கிறான். அதையும் பேசித்தான் சொல்கிறான். சரி, அப்படிச் சொன்ன பிறகாவது இவர் நிறுத்தினாரா? மொத்தம் 51 பாட்டு. இன்னும் 39 பாக்கி.

எங்கள் ஆபீஸில் ஒருத்தர், “சொல்ல முடியாது என்பதெல்லாம் பில்டப். இருந்தால் சொல்லியிருப்பார்கள்” என்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஆனால் பதிலும் கைவசம் இல்லை. இவர்கள் சொல்ல முடியாது என்று சொல்வது சரியாக எதை?

மஞ்சமண்டி

இதில் குழப்பத்துக்கு இடமே இல்லைங்க. அனுபவம் கடல், வார்த்தை சின்னக் குடம். அவ்வளவுதான். எந்த ஊர் ஞானியைக் கேட்டாலும் இதே கதைதான். வில்லியம் ஜேம்ஸ் என்ற அமெரிக்கர் 1902இல் வெளியிட்ட புத்தகத்தில் இந்த அனுபவங்களுக்கு நான்கு அடையாளம் சொன்னார். முதல் அடையாளமே வார்த்தைக்குள் அடங்காது என்பதுதான். நம்ம திருமூலரும் அதையேதான் சொன்னார்:

மகட்குத்தாய் தன்மணா ளனோடு ஆடிய
சுகத்தைச்சொல் லென்றால் சொல்லுமாறு எங்ஙனே

கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு அம்மா எப்படி அதைச் சொல்லிப் புரியவைப்பாள்? பட்டவனுக்குத்தான் தெரியும். மதம் வேறு, பேர் வேறு, அனுபவம் ஒன்றேதான். உங்கள் ஆபீஸ்காரரை ஒரு நாள் தியானத்தில் உட்காரச் சொல்லுங்கள், பில்டப்பா இல்லையா என்று அவருக்கே தெரியும்.

தறிச்சத்தம்

நான் சென்னிமலைப் பக்கம். வெள்ளிக்கிழமை காலையில் மௌன விரதம் இருப்பேன். வீட்டில் தறி ஓடும்போது பேசினாலும் யாருக்கும் கேட்காது, அதனால் விரதம் சுலபம் 😀 சும்மா இருப்பது மனசுக்கு ரொம்ப நல்லது. இரத்த அழுத்தமும் குறைகிறது. எல்லோரும் வாரம் ஒரு வேளையாவது இருந்து பாருங்கள்.

நொய்யல்கரை

அண்ணா, நல்ல பழக்கம்தான். நான் கேட்டது வாயை மூடுவதைப் பற்றி இல்லை. வாய் திறந்தாலும் வராது என்கிறார்களே, அதைப் பற்றி.

காஞ்சிவாய்

பேரூரில் இருக்கிறேன். பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். மஞ்சமண்டி தம்பி காட்டிய திருமந்திரப் பாட்டு நல்ல பாட்டு. ஆனால் அதைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அந்த அம்மாவுக்குத் தன் சுகம் என்னவென்று நன்றாகத் தெரியும். தகராறு கேட்கிற மகள் பக்கம் இருக்கிறது. நாளைக்கே மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டால் இரண்டு பேரும் ஜாடையிலேயே பேசிக்கொள்வார்கள். பலாப்பழம் தின்னாதவனுக்குப் பலாச்சுவையைச் சொல்ல முடியாது என்பதும் இதே வகைதான். இதற்கு ஞானி தேவையில்லை.

அருணகிரியார் சொல்வது வேறு மாதிரி. அவருடைய சிக்கல் கேட்கிறவனிடம் இல்லை, அவரிடமே இருக்கிறது. 28ஆம் பாட்டைப் பாருங்கள்:

ஆனா அமுதே அயில்வேல் அரசே
ஞானா கரனே நவிலத் தகுமோ
யானா கியஎன் னைவிழுங் கிவெறும்
தானாய் நிலைநின் றதுதற் பரமே

‘நவிலத் தகுமோ’, சொல்லத்தான் முடியுமா என்று கேட்கிறார். கேட்டுவிட்டு உடனே காரணத்தையும் வைக்கிறார். யான் என்று இருந்த என்னை அது விழுங்கிவிட்டது, வெறும் தானாக நின்றது. அறிந்தேன், கண்டேன், சுவைத்தேன் என்று எதைச் சொல்வதானாலும் ஓர் ‘ஏன்’ விகுதி வேண்டும். கண்டவன் ஒருவன், காணப்பட்டது ஒன்று என்று பிரிந்து நின்றால்தான் வாக்கியம் ஓடும். அந்த எழுவாயே விழுங்கப்பட்ட பிறகு பயனிலையை யார் தலையில் வைப்பது? இங்கே சொல் சின்னது, பொருள் பெரிது என்ற அளவுக் கணக்கே இல்லை. சொல்லுக்கு அடியில் இருக்கிற பலகையை உருவிவிட்டார்கள்.

அதனால்தான் கூடுவதற்கு முந்தின தவிப்பையும் பிந்தின நன்றியையும் இவர்கள் எவ்வளவு வேண்டுமானாலும் பாடுவார்கள். அங்கே ‘நான்’ இருக்கிறது, ‘நீ’யும் இருக்கிறது. தட்டுவது நடுவில் உள்ள ஓர் இடத்தில்தான். 39 பாட்டு என்று கணக்கு எடுத்தீர்களே, அவற்றில் பல வேண்டுதல். வேண்டுவதற்குத் தமிழ் தாராளமாகப் போதும்.

களத்துமேடு

டீச்சரம்மா, நான் என் கதையைச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்காதீங்க. எங்க பக்கம் அண்ணமார் சாமி கதையில் படுகளம் போடுவார்கள். உடுக்கையடித்துப் பாடுகிறவர் பொன்னரும் சங்கரும் மடிகிற கட்டத்துக்கு வந்ததும் கூட்டத்தில் சில பேர் அப்படியே சாய்ந்துவிடுவார்கள். அவர்களை வரிசையாகக் கிடத்தித் துணியைப் போர்த்திவிடுவார்கள். பிறகு தீர்த்தம் தெளித்துத்தான் எழுப்புவார்கள். சின்ன வயதில் நானும் விழுந்திருக்கிறேன். உடுக்கைச் சத்தம் காதுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஆனது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது. அடுத்து ஞாபகம் இருப்பது முகத்தில் தண்ணீர் பட்டதுதான். நடுவில் ஒன்றும் இல்லை.

எங்க அப்பத்தா அன்றைக்கு, “கண்ணு, சாமிகூட இருந்துட்டு வந்திருக்கே” என்றார்கள். என்னால் அதைச் சொல்ல முடியாது. ‘நான்’ அங்கே இல்லவே இல்லை. அப்போ என்னை விழுங்கியதும் அதுதானா?

காஞ்சிவாய்

தப்பாக எடுக்க என்ன இருக்கிறது கண்ணு. உங்கள் அப்பத்தா சொன்னதை மறுக்க நான் யார். ஆனால் நீங்களே ஒரு வித்தியாசத்தைச் சொல்லிவிட்டீர்கள். உங்களுக்கு நடுவில் ஒன்றும் இல்லை. அதாவது நினைவில்லை. அருணகிரியார் நினைவில்லை என்று எங்கும் சொல்லவில்லை. ‘வெறும் தானாய் நிலை நின்றது’ என்று எது நின்றது, எப்படி நின்றது என்று சாட்சி சொல்கிறார். மஞ்சமண்டி தம்பி சொன்ன ஜேம்ஸின் நான்கில் இரண்டாவது இதைப் பற்றியதுதான். அந்த நிலையில் ஏதோ ஒன்று தெரியவந்தது என்று அவர்கள் சாதிப்பார்கள். வெறும் மயக்கம் என்று விடமாட்டார்கள்.

ஆக மூன்றையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம். உங்களுக்கு நினைவு இல்லை. திருமூலர் பாட்டில் வரும் தாய்க்குச் சொல்ல இருக்கிறது, வாங்கிக்கொள்ள ஆளில்லை. 28ஆம் பாட்டில் தெளிவு இருக்கிறது, ஆனால் அதைச் சொல்வதற்கு இரண்டாகப் பிரிய வேண்டியிருக்கிறது.

12ஆம் பாட்டின் கடைசி அடியிலும் இது தெரிகிறது. உரைகாரர்கள் அதை இரண்டு விதமாகப் பிரிப்பார்கள். ‘அம் மா பொருள் ஒன்றும் அறிந்திலனே’ என்று வைத்தால், அந்தப் பெரிய பொருளை நான் கொஞ்சமும் அறியவில்லையே என்ற புலம்பல். ‘அம்மா! பொருள் ஒன்றும் அறிந்திலனே’ என்று வைத்தால், அடேயப்பா, வேறு எந்தப் பொருளும் எனக்குத் தெரியாமல் போயிற்றே என்ற வியப்பு. நான் இரண்டாவது கட்சி. ‘என்றலுமே’ என்கிறார். சொன்ன மாத்திரத்தில் ஏதோ நடந்துவிட்டது. ஒன்றும் நடக்கவில்லை என்று புலம்புகிறவர் அந்த ‘உமே’யை அங்கே போட வேலையில்லை.

ஜிடிநாயுடுதெரு

வணக்கம் டீச்சர். இந்த இழையில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன், மன்னிக்கவும். ‘யானாகிய என்னை விழுங்கி’ என்று எழுதியது யார்? விழுங்கப்பட்டவர் சாட்சி சொல்ல முடியாது. சாட்சி சொல்கிறார் என்றால் முழுதாக விழுங்கப்படவில்லை. 12ஆம் பாட்டில் ‘அறிந்திலன்’ என்று நிற்பதும் தன்மை ஒருமைதானே? எழுவாயை உருவிவிட்டதாகச் சொன்னீர்கள். விகுதியில் ஒளிந்துகொண்டு இருக்கிறதே.

அப்புறம் மஞ்சமண்டி அண்ணாவுக்கு. எல்லாருக்கும் அனுபவம் ஒன்றே என்பது 1978லேயே அடி வாங்கிவிட்டது. ஸ்டீவன் கேட்ஸ் என்பவர் ஒரு கட்டுரை எழுதினார். யாரும் காலி மண்டையோடு போய் அனுபவத்தை அடைவதில்லை, அவரவர் படித்த நூல், செய்த சாதனை, கும்பிட்ட சாமி எல்லாம் சேர்ந்துதான் அனுபவமே உருவாகிறது என்பது அவர் வாதம். ஒரே சரக்குக்கு வேறு வேறு லேபிள் ஒட்டுகிறார்கள் என்ற கதை இல்லை, சரக்கே வேறு. ஸ்பெயின் நாட்டுக் கன்னியாஸ்திரி தெரேசாவுக்குக் கிறிஸ்து மணவாளனாகத்தான் வந்தார், வேலோடு வரவில்லை.

மஞ்சமண்டி

தெரேசாவை நீங்களே இழுத்ததால் சொல்கிறேன் தம்பி. அந்த அம்மா 1577இல் எழுதிய புத்தகத்தில் இரண்டு உவமை வருகிறது. முந்தின நிலைக்கு இரண்டு மெழுகுவர்த்தி. சேர்த்துப் பிடித்தால் ஒரே சுடர், ஆனால் மறுபடி பிரித்துவிடலாம். கடைசி நிலைக்கு ஆற்றில் விழுந்த மழை. எது மழைத்தண்ணீர், எது ஆற்றுத்தண்ணீர் என்று இனிமேல் பிரிக்க முடியாது. ஸ்பெயினில் இருந்தவருக்கும் திருவண்ணாமலையில் இருந்தவருக்கும் ஒரே எண்ணம் எப்படி வந்தது? லேபிள்தான் வேறு. கேட்ஸ் கட்டுரை எழுதினார், இவர்கள் அனுபவித்தார்கள்.

புக்கொளியூர்

அவிநாசியிலிருந்து. மழையும் ஆறும் என்று எல்லோரும் ஏகத்துக்குக் கரைக்கிறீர்கள். சைவ சித்தாந்தம் அப்படிச் சொல்லாது. உமாபதி சிவம் திருவருட்பயனில் தீர்த்துவைத்துவிட்டார். ‘தாடலைபோற் கூடியவை’ என்கிறார். தாள், தலை இரண்டும் சேர்ந்தால் தாடலை. தனித்தனியாக நின்ற ளகரமும் தகரமும் போய் ஒரு டகரம்தான் இருக்கிறது. அதனால் இரண்டு என்று எண்ணிக் காட்ட முடியாது. ஆனால் தாளும் போகவில்லை, தலையும் போகவில்லை. அடியார் தலை அவன் தாளில் கூடுவது அப்படித்தான். அடுத்த குறளும் சேர்த்தே படிக்க வேண்டும்:

ஒன்றாலும் ஒன்றா திரண்டாலும் ஓசையெழா
தென்றாலொன் றன்றிரண்டும் இல்

முழுக்க ஒன்றாகிவிட்டால் இன்பத்தை அனுபவிக்க ஆள் ஏது? முழுக்க இரண்டாகவே நின்றால் கூடல் ஏது? ஜிடிநாயுடுதெரு தம்பி கேட்ட ‘சாட்சி யார்’ என்ற கேள்விக்குப் பதில் இதில் இருக்கிறது. ஆன்மா அழியவில்லை. அழிந்தது ‘யான்’ என்ற செருக்கு மட்டும். அருணகிரியார் அதே 28ஆம் பாட்டில் ‘அயில்வேல் அரசே, ஞானாகரனே’ என்று கூப்பிடுகிறாரே, கூப்பிட ஒருவர் இல்லாமலா?

மஞ்சமண்டி

கூப்பிட்டது பாடும்போது. விழுங்கியது அதற்கு முன்னால். ‘நின்றது’ என்று இறந்த காலத்தில்தானே சொல்கிறார். திரும்பி வந்தபிறகு கூப்பிட்டால் இரண்டு என்று ஆகிவிடுமா?

புக்கொளியூர்

திரும்பி வர ஒருவர் இருந்தார் என்று நீங்களே ஒப்புக்கொண்டாயிற்று. நன்றி.

காஞ்சிவாய்

இரண்டு பேரும் கொஞ்சம் தண்ணீர் குடியுங்கள். 28ஆம் பாட்டை வைத்து நீங்கள் இரண்டு பேரும் இன்னும் நூறு வருஷம் வாதாடலாம். ‘விழுங்கி’, ‘வெறும் தானாய்’ என்பவை மஞ்சமண்டி பக்கம் சாய்கின்றன. முதல் இரண்டு அடியின் விளிகள் புக்கொளியூர் பக்கம் சாய்கின்றன. அவர் இரண்டையும் ஒரே பாட்டில் வைத்திருக்கிறார்.

ஜிடிநாயுடுதெரு சொன்ன விகுதி விஷயம் கூர்மையானது. அதற்கு என் பதில் இது. தமிழில் அந்த விகுதி இல்லாமல் அவருக்கு வேறு வழி கிடையாது, அது அவருக்கும் தெரியும். அதனால் மொழியைக் கைவிடாமல் அதை வைத்தே ஒரு காரியம் செய்கிறார். 12ஆம் பாட்டுக்கு அடுத்ததைப் பாருங்கள்:

முருகன் தனிவேல் முனிநம் குருவென்று
அருள்கொண் டறியார் அறியும் தரமோ
உருவன் றருவன் றுளதன் றிலதன்று
இருளன் றொளியன் றெனநின் றதுவே

உரு இல்லை என்றதும் நாம் உடனே ‘சரி, அப்போ அரு’ என்று நினைத்துக்கொள்வோம். அதுவும் இல்லை என்கிறார். உள்ளது இல்லை என்றால் ‘இல்லாதது போல’ என்று ஒதுங்குவோம். அதுவும் இல்லை. ஒவ்வொரு ‘அன்று’ம் அதற்கு முந்தின ‘அன்று’ நம் மனதில் போட்டுவிட்ட படத்தை அழிக்கிறது. நாவுக்கரசர் ‘இப்படியன் இந்நிறத்தன் இவ்வண்ணத்தன் இவனிறைவன் என்றெழுதிக் காட்டொ ணாதே’ என்று பாடியதும் இந்த வழிதான். அவரும் ‘அவனருளே கண்ணாகக் காணின் அல்லால்’ என்று ஒரு விலக்கு வைத்திருக்கிறார். இவர் ‘அருள்கொண்டு அறியார்’ என்கிறார். அறியவே முடியாது என்று இரண்டு பேருமே சொல்லவில்லை. தானாக எட்டிப் பிடிக்கிற அறிவால் முடியாது என்கிறார்கள். சொல் அந்த அறிவின் கருவி, அதனால் அதுவும் அங்கே எட்டாமல் நின்றுவிடுகிறது.

இப்போது கடைசிப் பாட்டு. நாம் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வதுதான், 51ஆவது:

உருவாய் அருவாய் உளதாய் இலதாய்
மருவாய் மலராய் மணியாய் ஒளியாய்க்
கருவாய் உயிராய்க் கதியாய் விதியாய்க்
குருவாய் வருவாய் அருள்வாய் குகனே

13இல் எதையெல்லாம் ‘அன்று’ என்று தள்ளினாரோ அதே உரு, அரு, உளது, இலது, அதே வரிசையில் ‘ஆய்’ போட்டுக்கொண்டு திரும்பி வருகின்றன. ஒளியும் வந்துவிட்டது, இருள் மட்டும் வரவில்லை. அங்கே ‘நின்றது’ என்று அஃறிணை. இங்கே ‘வருவாய்’ என்று முன்னிலை. இல்லை, இல்லை என்று சொன்ன வாய் அதே சொற்களால் எல்லாம் நீதான் என்கிறது. நொய்யல்கரை தம்பியின் ஆபீஸ்காரர் இந்த இரண்டு பாட்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கட்டும். சொல்லத் தெரியாதவர் செய்கிற வேலையா இது?

ஜிடிநாயுடுதெரு

13க்கும் 51க்கும் உள்ள பொருத்தத்தை நான் கவனித்ததே இல்லை டீச்சர், அருமை. ஆனால் இது மொழியின் தோல்வியைக் காட்டுகிறதா, ஒரு பெருங்கவிஞரின் கைத்திறனைக் காட்டுகிறதா? கைத்திறன் என்றால் கேட்ஸ் பக்கம்தான் பலம். உருவம், அருவம் என்று பிரித்துப் பேசுவது சைவத்தில் முன்பே இருக்கிற பாடம். 28இல் வரும் ‘தற்பரம்’கூட அந்த மரபுச் சொல்தானே. அனுபவத்தில் கண்டதைச் சொன்னாரா, படித்ததை அனுபவமாகச் சொன்னாரா?

காஞ்சிவாய்

பாட்டை மட்டும் வைத்துக்கொண்டு அதைப் பிரிக்க முடியாது தம்பி. மரபு கொடுத்த சொல்லைத்தான் எவரும் எடுத்தாக வேண்டும். ஆனால் கேட்ஸ் வாதத்தில் எனக்கு ஒரு குறை தெரிகிறது. படித்ததுதான் அனுபவமாக வந்தது என்றால் அது படித்த மாதிரியே பொருந்தி வர வேண்டும். இவர்களுக்குப் பொருந்தாமல் போகிறது. அந்த இடறல் எங்கிருந்து வந்தது? முருகனையே நினைத்துக்கொண்டு போனவர், ‘நின்றது’ என்று அஃறிணையில் ஏன் பேச வேண்டும்?

புக்கொளியூர்

‘தற்பரம்’ அஃறிணைச் சொல், வினை அதற்கு இயைந்து வருகிறது. இதில் என்ன இடறல்?

காஞ்சிவாய்

28க்குச் சரி. 13இல் எழுவாயே இல்லையே. ‘என நின்றதுவே’, எது?

களத்துமேடு

எனக்குப் பாதிதான் புரிகிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன். தாயுமானவர் அருணகிரியாரைப் புகழ்ந்து ஒரு பாட்டு பாடியிருக்கிறாரே, கோயிலில் கேட்டிருக்கிறேன். ‘ஐயா அருணகிரி அப்பா உனைப்போல மெய்யாக ஓர்சொல் விளம்பினர் யார்’ என்று வரும். சொல்லவே முடியாது என்பவரைப் போய், உன்னைப் போல உண்மையாக ஒரு சொல் சொன்னவர் யார் என்று ஏன் புகழ்கிறார்? அந்த ஒரு சொல் எது?

மஞ்சமண்டி

‘சும்மா இரு’தான். தாயுமானவருக்கு அவருடைய மௌனகுரு சொன்னதும் அதுதானே. ‘சும்மா இருக்கச் சுகம்’ என்று அவரே பாடியிருக்கிறார்.

புக்கொளியூர்

அப்படி என்று அந்தப் பாட்டில் எங்கே இருக்கிறது? ‘ஓர்சொல்’ என்றுதான் இருக்கிறது. அநுபூதி முழுவதையும் ஒரு சொல்லாகச் சொல்லியிருக்கலாம்.

நொய்யல்கரை

எல்லோருக்கும் நன்றி. ஆபீஸ்காரரிடம் 13ஐயும் 51ஐயும் காட்டினேன். “சரி, பில்டப் இல்லை, ஒத்துக்கிறேன். அதுக்காக உண்மைன்னு ஆயிடுமா?” என்கிறார். விடமாட்டார்.

எனக்கு இன்னும் ஒன்று உறுத்துகிறது. 49ஆம் பாட்டில் ‘தன்னந் தனிநின் றதுதான் அறிய இன்னம் ஒருவர்க் கிசைவிப் பதுவோ’ என்கிறார். தன்னந்தனியாக நின்று தானே அறிவது, இன்னொருவருக்கு இசைவித்துக் காட்டுகிற விஷயமா என்று கேட்கிறார். டீச்சரம்மா, இது நீங்கள் முதலில் பிரித்துக் காட்டினீர்களே, கேட்கிறவன் பக்கச் சிக்கல், அதுபோல இருக்கிறதே? திருமூலரின் தாய் சொல்வதும் இதுதானே?

காஞ்சிவாய்

நல்லா பிடித்தீர்கள். ‘ஒருவர்க்கு’ என்று கேட்கிறவர் வந்துவிட்டார், அதனால் மஞ்சமண்டி சொன்ன திருமந்திரப் பாட்டுக்கு இது பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் ‘தன்னந்தனி நின்றது’ என்பதைப் பாருங்கள். தனியாக நின்றது அவரா, அதுவா? ‘தான் அறிய’ என்பதில் தான் யார்? அவர் என்று வைத்தால் தாய் மகள் கதை. அது என்று வைத்தால் 28ஆம் பாட்டின் ‘வெறும் தானாய்’ மறுபடி வருகிறது. அப்போது ‘இன்னம் ஒருவர்’ என்பதில் பாடுகிற அருணகிரியாரே அடங்கிவிடுகிறார்.

புக்கொளியூர்

அது என்று வைக்க இலக்கணம் இடம் கொடுக்காது.

காஞ்சிவாய்

கொடுக்கும். நாளைக்கு உரைகளை எடுத்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இப்போது பேரன் போனைக் கேட்கிறான்.